பெயர்களை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள்

கேள்வி: மகளிர் சுயஉதவிக் குழுக் கடன் பெண்களின் நிலையை மாற்றியிருக்கிறதா என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. நாற்பது கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி என்று இலக்கிய மீளாய்வு இயலை எழுதிக் கொடுத்தேன். "இது பட்டியல். வாதங்களின்படி தொகுத்து எழுதி வாருங்கள்" என்று நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாதங்களின்படி தொகுப்பது என்றால் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

உங்கள் நாற்பதில் கட்டாயம் இருக்கக்கூடிய ஆறேழு கட்டுரைகளை மட்டும் வைத்துச் செய்து காட்டுகிறேன். உங்கள் தலைப்பு இதற்கு வாகானது. ஒரே நாட்டில், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே வகைக் கடன் திட்டங்களை ஆராய்ந்தவர்கள் நேரெதிரான முடிவுகளுக்கு வந்த துறை இது. அப்படி ஒரு மோதல் இருக்கும் இடத்தில்தான் பட்டியலுக்கும் மீளாய்வுக்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

மோதல் இதுதான். 1996-இல் வேர்ல்ட் டெவலப்மென்ட் ஆய்விதழில், சில மாத இடைவெளியில் இரண்டு கட்டுரைகள் வந்தன. இரண்டும் வங்கதேசக் கிராமங்களைப் பற்றியவை. இரண்டிலும் கிராமீன் வங்கியும் பிராக் நிறுவனமும் இடம்பெறுகின்றன. ஆன் மேரி கோட்ஸும் ரினா சென் குப்தாவும் எழுதிய கட்டுரை, பெண்கள் பெயரில் வாங்கப்பட்ட கடன்களில் சுமார் 63 சதவீதம் அந்தப் பெண்களின் கட்டுப்பாட்டில் பாதியளவோ, மிகச் சிறிதளவோதான் இருந்தது, அல்லது இல்லவே இல்லை என்றது. சையது ஹாஷெமி, சிட்னி ரூத் ஷூலர், ஆன் ரைலி மூவரும் எழுதிய கட்டுரை, கடன் திட்டத்தில் சேர்ந்த பெண்கள் சேராதவர்களைவிடத் தெளிவாக வலுப்பெற்றிருக்கிறார்கள் என்றது.

உங்கள் இயலில் இவை எப்படி இருக்கும் என்பதை நான் பார்க்காமலேயே ஊகிக்க முடியும்:

"கோட்ஸ், சென் குப்தா (1996) ஆகியோர் வங்கதேசத்தில் பெண்களின் கடன் பயன்பாட்டை ஆராய்ந்தனர். பெரும்பாலான பெண்களுக்குக் கடன்மீது முழுக் கட்டுப்பாடு இல்லை எனக் கண்டறிந்தனர். ஹாஷெமி முதலியோர் (1996) எட்டுக் குறியீடுகளைக் கொண்டு பெண்களின் அதிகாரத்தை அளந்தனர். கடன் திட்டங்கள் பெண்களுக்கு அதிகாரம் அளிக்கின்றன எனக் கண்டறிந்தனர். பிட், கந்த்கர் (1998) ஆகியோர் 87 கிராமங்களில் ஆய்வு செய்தனர். பெண்கள் வாங்கும் ஒவ்வொரு 100 டாக்கா கடனுக்கும் குடும்பச் செலவு 18 டாக்கா கூடுவதாகக் கண்டறிந்தனர். கபீர் (2001)..."

இதில் ஒரு வரிகூடத் தவறில்லை. ஆனால் இதைப் படிப்பவர் இரண்டாவது வாக்கியத்தை முடித்து நான்காவதற்கு வரும்போது, "அப்படியானால் யார் சொல்வது சரி?" என்று கேட்பார். எழுதியவர் அந்தக் கேள்வி காதில் விழாதது போல மூன்றாவது கட்டுரைக்கு நகர்ந்துவிடுகிறார். நெறியாளர் குறை சொன்னது இந்தக் காது கேளாமையைத்தான்.

பட்டியலைத் திருத்தச் சொன்னதும் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், கட்டுரைகளை இரண்டு அணிகளாகப் பிரிப்பது: 'கடன் உதவுகிறது என்போர்', 'உதவவில்லை என்போர்'. நானும் என் ஆய்வேட்டில் இதையே செய்தேன். இரண்டு உபதலைப்புகள் போட்டு, நடுவில் 'மாறாக' என்று ஒரு சொல்லைச் செருகிக் கொடுத்தேன். அதைப் படித்த மூத்தவர் ஒருவர், "முன்பு ஒரு பட்டியல் இருந்தது, இப்போது இரண்டு இருக்கின்றன" என்றார். வலித்தது, ஆனால் அவர் சொன்னது சரி. முடிவுகளின்படி பிரிப்பது வாதத்தின்படி பிரிப்பதாகாது. வாதம் என்பது முடிவும் அதற்கான காரணமும் சேர்ந்தது. ஒரே முடிவுக்கு வந்த இருவர் முற்றிலும் வேறு காரணங்களைச் சொல்லியிருக்கலாம். அவர்களை ஒரே கூடையில் போட்டால் இருவரையும் தவறாகப் புரிந்துகொண்டதாகிவிடும்.

சரி, காரணத்தை எப்படிப் பிடிப்பது? கட்டுரையின் சுருக்கத்தில் அது இருக்காது. சுருக்கம் முடிவைத்தான் சொல்லும். ஒவ்வொரு கட்டுரைக்கும் நான்கே வரிகளில் ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள்: அது எந்தக் கேள்வியைக் கேட்கிறது, எதை அளந்தது, யாரை யாரோடு ஒப்பிட்டது, யாரோடு சண்டை போடுகிறது. நான்காவது வரிதான் பலருடைய குறிப்பேட்டில் இருக்காது. முன்னுரையின் இரண்டாம், மூன்றாம் பத்திகளிலும், முடிவுரைக்கு முந்தைய விவாதப் பகுதியிலும் தேடினால் அது கிடைக்கும்.

கோட்ஸ், சென் குப்தா கட்டுரைக்கு என் குறிப்பு இப்படி இருக்கும். கேள்வி: கடன் பெண்ணின் பெயரில் வந்த பிறகு அதை நடத்துவது யார்? அளந்தது: கடனைக் கொண்டு செய்யும் தொழிலில் அந்தப் பெண்ணுக்கு இருக்கும் நிர்வாகக் கட்டுப்பாடு; முழுமையாக, கணிசமாக, பாதியளவு, மிகக் குறைவாக, இல்லவே இல்லை என்று ஐந்து படிகள். ஒப்பீடு: கடன் வாங்கியவர்களுக்குள்ளேயே. சண்டை: இத்தனை பெண்கள் உறுப்பினர்கள், இத்தனை சதவீதம் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறார்கள் என்பதையே பெண்கள் வலுப்பெற்றதன் சான்றாகக் காட்டுபவர்களோடு.

ஹாஷெமி குழுவினருக்கு: கேள்வி: திட்டத்தில் சேர்ந்ததால் பெண்ணின் வாழ்க்கையில் என்ன மாறியிருக்கிறது? அளந்தது: தனியாக வெளியே போய்வருவது, சிறிய பொருள்களைத் தானே வாங்குவது, பெரிய பொருள்களை வாங்குவது, குடும்ப முடிவுகளில் பங்கு, சட்ட அறிவு, பொதுப் போராட்டங்களில் கலந்துகொள்வது என எட்டுக் குறியீடுகள். ஒப்பீடு: உறுப்பினர்களை, அதே கிராமத்தில் சேராதவர்களோடும், திட்டமே வராத கிராமத்துப் பெண்களோடும். சண்டை: கடன் ஆண்கள் கைக்குப் போய்விடுகிறது, ஆகவே பெண்களுக்குப் பயனில்லை என்பவர்களோடு.

இரண்டு குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மோதல் வேறு மாதிரித் தெரிகிறது அல்லவா? முதலாவது கடன் போன வழியைப் பார்க்கிறது. இரண்டாவது கடைசியில் வந்து சேர்ந்த இடத்தைப் பார்க்கிறது. ஒரு பெண் கடன் பணத்தைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, முன்பு போகாத சந்தைக்கு இப்போது தனியாகப் போய்வருகிறாள் என்றால், அவள் முதல் கட்டுரையின் கணக்கில் தோல்வி. இரண்டாவதன் கணக்கில் வெற்றி. இரண்டு கட்டுரைகளும் ஒரே பெண்ணைப் பற்றி உண்மையைச் சொல்லியிருக்கக்கூடும்.

இந்த இடத்தை முதலில் தெளிவாகத் திறந்து காட்டியவர் நைலா கபீர். 2001-இல் அதே ஆய்விதழில் வந்த அவருடைய கட்டுரையின் முதற்பகுதி, நீங்கள் கேட்கும் வகை மீளாய்வுக்கு நான் அறிந்தவற்றில் நல்ல மாதிரி. முன்னாய்வுகளை அவர் வரிசைப்படுத்தவில்லை. ஒரே திட்டங்களைப் பற்றி ஏன் இவ்வளவு முரணான முடிவுகள் என்று கேட்டார். எதிர்மறையாகச் சொன்னவர்கள் கடன் பயன்படும் செயல்முறையைப் பார்த்தார்கள், சாதகமாகச் சொன்னவர்கள் விளைவுகளைப் பார்த்தார்கள், அதற்கும் அடியில் குடும்பத்துக்குள் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்பது பற்றிய இருவேறு நம்பிக்கைகள் இருக்கின்றன என்று காட்டினார். அத்தோடு நிற்காமல், கட்டுப்பாடும் நிர்வாகமும் ஒன்றல்ல என்றார். பணத்தை எதில் போடுவது என்று முடிவெடுப்பது வேறு, போட்ட பிறகு தொழிலை அன்றாடம் நடத்துவது வேறு. மனைவி கலந்து பேசிக் கணவனின் தொழிலில் பணத்தைப் போட்டால், நிர்வாகம் அவன் கையில் இருந்தாலும் முடிவில் அவளுக்குப் பங்கு இருந்திருக்கலாம். கோட்ஸ், சென் குப்தா அளவுகோல் அதைப் பிடிக்காது.

இப்போது மேலே காட்டிய பட்டியலைத் திருத்தி எழுதுகிறேன். தகவல்கள் பெரும்பாலும் அவையேதான்.

"கடன் பெண்ணின் கையில் தங்குகிறதா என்பதும், கடனால் பெண்ணின் நிலை உயர்கிறதா என்பதும் ஒரே கேள்வியாகவே தொடக்க ஆய்வுகளில் கருதப்பட்டன. வங்கதேச ஆய்வுகளின் முரண் இந்தக் குழப்பத்திலிருந்தே பிறக்கிறது. கடன் பயன்படும் முறையை அளந்தவர்கள், பெண் வெறும் வாயிலாக மட்டுமே இருப்பதைக் கண்டனர்: கோட்ஸ், சென் குப்தா (1996) ஆராய்ந்த கடன்களில் சுமார் 63 சதவீதத்தில் பெண்ணின் கட்டுப்பாடு பாதியளவோ அதற்கும் குறைவாகவோதான் இருந்தது. ஆனால் நடமாட்டம், கொள்முதல், குடும்ப முடிவுகள் போன்ற விளைவுகளை அளந்த ஹாஷெமி முதலியோர் (1996), கட்டுப்பாடு குறைவாக இருந்த பெண்களிடமும் முன்னேற்றத்தைக் கண்டனர். இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல; கபீர் (2001) காட்டுவதுபோல, முடிவெடுக்கும் உரிமையையும் அன்றாட நிர்வாகத்தையும் பிரித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பத்தில் ஒன்றாக இருக்க முடியும். இரண்டையும் ஒரே களத்தில் பார்த்த கரிகிபதி (2008), ஆந்திரத்தில் இந்த இடைவெளி பெண்ணுக்குச் சாதகமாக முடியவில்லை என்கிறார்: கடன் குடும்பத்தின் இடர்களைக் குறைத்தது, ஆனால் அது கணவனின் பெயரிலுள்ள சொத்துகளிலும் தொழிலிலும் போய்ச் சேர்ந்ததால் பெண்ணின் நிலையை உயர்த்தவில்லை."

கவனித்தீர்களா, பிட்டும் கந்த்கரும் காணாமல் போய்விட்டார்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். குடும்பச் செலவு எவ்வளவு கூடியது என்பது இந்தப் பத்தியின் கேள்வி அல்ல. பட்டியலில் அவர்கள் கபீருக்கு முன்னால் வந்ததற்கு ஒரே காரணம் 1998 என்பது 2001-க்கு முன்னால் வருவதுதான். அவர்களுக்கான இடம் அடுத்த பத்தி.

அடுத்த பத்தியின் சண்டை வேறு: இந்த மாற்றங்களுக்குக் கடன்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? குழுவில் சேரும் பெண் ஏற்கெனவே துணிச்சலானவளாக, வீட்டில் சொல் எடுபடுபவளாக இருந்ததால்தான் சேர்ந்திருக்கலாம். அப்படியானால் உறுப்பினரையும் உறுப்பினரல்லாதவரையும் ஒப்பிட்டால் கிடைப்பது கடனின் விளைவல்ல, ஆளின் இயல்பு. பிட்டும் கந்த்கரும் இதைத் தாண்டத்தான் முயன்றார்கள். அரை ஏக்கருக்கு மேல் நிலம் இருப்பவர்களுக்குக் கடன் கிடையாது என்ற திட்ட விதியைப் பயன்படுத்தி, பெண்ணுக்குக் கடன் போனால் 100 டாக்காவுக்கு 18, ஆணுக்குப் போனால் 11 என்று குடும்பச் செலவின் உயர்வைக் கணக்கிட்டார்கள். அந்த விதி நடைமுறையில் கறாராகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்று ஜோனதன் மோர்டக் அதே 1998-இல் கேள்வி எழுப்பினார். பின்னர் 2014-இல் டேவிட் ரூட்மனும் அவரும் அதே தரவை மறுபடி கணக்கிட்டு, கடனே காரணம் என்ற முடிவை அந்தத் தரவு தாங்காது என்றார்கள். பிட்டும் கந்த்கரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இந்தச் சிக்கலைச் சுற்றிப் போகும் வழியாகத்தான் குலுக்கல் முறைச் சோதனைகள் வந்தன. ஹைதராபாதில் 104 குடியிருப்புப் பகுதிகளில் பாதியைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் கடன் நிறுவனத்தின் கிளையைத் திறக்கவைத்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் செய்த சோதனையின் முடிவுகள் 2015-இல் வெளியாயின. குடும்ப முடிவுகளில் பெண்களின் பங்கு குறிப்பிடும்படி மாறவில்லை.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. சுயஉதவிக் குழு ஆய்வேடுகள் பலவும் விழுவது இதில்தான். ஹைதராபாத் சோதனையை எடுத்து 'எதிர்' அணியில் வைத்துவிட்டு, சுயஉதவிக் குழுவால் பயனில்லை என்பதற்குச் சான்று என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே கொடுக்கப்பட்டது ஒரு நுண்கடன் நிறுவனத்தின் கடன். பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்கவும் தவணை கட்டவும் ஒரு குழுவாகச் சேர்க்கப்பட்டவர்கள். நம் ஊர்ச் சுயஉதவிக் குழுவோ முதலில் சேமிக்கிறது, உள்கடன் கொடுக்கிறது, தீர்மானப் புத்தகம் எழுதுகிறது, அதன் பிறகுதான் வங்கிக்குப் போகிறது. பெயரில் 'குழு' இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஒரு கட்டுரையைத் தொகுப்பில் சேர்க்கும்போது, அதன் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வாக்கியத்தைப் படிக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். "நான் இதைச் சொல்லவே இல்லையே" என்பார் என்றால் அது அந்தக் கூடைக்கு உரியதல்ல. கோட்ஸையும் சென் குப்தாவையும் 'கடனை எதிர்ப்பவர்கள்' என்று எழுதுபவர்களிடமும் இதையேதான் சொல்வேன். பெண்களுக்குக் கடன் கொடுக்காதீர்கள் என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்றுதான் சொன்னார்கள்.

அந்தப் பள்ளமே மூன்றாவது பத்திக்கு வழியும் காட்டுகிறது. ஒருவேளை பெண்ணின் நிலையை மாற்றுவது பணமே அல்லவோ, குழுதானோ? இந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்டவர் நாத்தலி ஹோல்வோட். 2005-இல் டெவலப்மென்ட் அண்ட் சேஞ்ச் ஆய்விதழில் வந்த அந்தக் கட்டுரையின் களம் தமிழ்நாடு என்பதால் உங்கள் இயலில் இதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுக்கலாம். வங்கி நேரடியாகத் தனிநபருக்குக் கொடுத்த ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டக் கடனையும், தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் குழு வழியாக வந்த கடனையும் அவர் ஒப்பிட்டார். நேரடிக் கடன் ஆண் பெயரில் போனாலும் பெண் பெயரில் போனாலும் வீட்டில் முடிவெடுக்கும் முறை பெரிதாக மாறவில்லை. குழு வழியாகப் போனபோது மாறியது: கணவன் மட்டும் முடிவெடுப்பது குறைந்து, இருவரும் பேசி முடிவெடுப்பது கூடியது. உறுப்பினராக இருந்த காலம் நீண்டால், பயிற்சியும் கூட்டங்களும் அடர்ந்திருந்தால், மாற்றமும் கூடியது.

இப்போது முன்னால் திரும்பிப் பாருங்கள். முதல் பத்தியில் 'கடன் யார் கையில்' என்ற சண்டை. இரண்டாவதில் 'கடன்தான் காரணமா' என்ற சண்டை. மூன்றாவதில் 'கடனா, குழுவா' என்ற சண்டை. ஒவ்வொன்றும் முந்தையது விட்டுச்சென்ற ஓட்டையிலிருந்து கிளம்புகிறது. ஹைதராபாத் முடிவும் ஹோல்வோட் முடிவும் முதற்பார்வையில் மோதுகின்றன. ஆனால் கடன் மட்டும் போன இடத்தில் மாற்றம் இல்லை, குழு ஆழமாக இயங்கிய இடத்தில் மாற்றம் உண்டு என்று படித்தால், இரண்டும் ஒரே கருத்துக்குச் சான்றாகக்கூட நிற்கும். 'சான்றாக நிற்கும்' என்றுதான் எழுத முடியும், 'நிரூபிக்கிறது' என்று எழுத முடியாது. ஹோல்வோட் ஆய்வு குலுக்கல் சோதனை அல்ல. நெடுநாள் குழுவில் இருந்தவள் வேறு வகையிலும் மற்றவர்களிடமிருந்து மாறுபட்டவளாக இருக்கலாம். இரண்டாம் பத்தியில் எழுப்பிய கேள்வியை மூன்றாம் பத்தியில் மறந்துவிடக் கூடாது. மறந்தால், வாதத்தின்படி தொகுப்பதுபோல் தோற்றம் காட்டும் பட்டியலாகத்தான் அது முடியும்.

உங்கள் ஆய்வு எங்கே நிற்கிறது என்பதும் இதில் தானாக வந்துவிடுகிறது. பட்டியல் எழுதியவர்கள் கடைசியில் "மேற்கண்ட ஆய்வுகள் எவையும் இன்ன மாவட்டத்தில் நடைபெறவில்லை, எனவே இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது" என்று எழுதுவார்கள். வாய்மொழித் தேர்வில் முதல் அடி விழுவது அந்த வாக்கியத்துக்குத்தான். மாவட்டம் மாறினால் விடை ஏன் மாற வேண்டும் என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது. மூன்று சண்டைகளையும் எழுதிய பிறகு உங்களால் வேறு மாதிரிச் சொல்ல முடியும்: ஒரே வட்டாரத்தில், ஏறத்தாழ ஒரே அளவு கடன் வாங்கியும், கூட்டம் ஒழுங்காக நடக்கும் குழுக்களுக்கும் தவணை கட்டும் நாளில் மட்டும் கூடும் குழுக்களுக்கும் இடையே பெண்களின் நிலையில் வேறுபாடு உண்டா? இந்தக் கேள்வி மூன்றாம் பத்தியிலிருந்து பிறந்தது என்பதைப் படிப்பவரே உணர்வார்.

எழுதி முடித்ததும் இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். முதலாவது, ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் மட்டும் தனித்தாளில் எழுதி, அதிலுள்ள ஆசிரியர் பெயர்களையும் ஆண்டுகளையும் அடித்துவிடுங்கள். மிஞ்சியது ஒரு கருத்தாக நிற்கிறதா? 'கோட்ஸ், சென் குப்தா (1996) ஆகியோர் வங்கதேசத்தில் ஆராய்ந்தனர்' என்பதில் பெயரை அடித்தால் 'வங்கதேசத்தில் ஆராய்ந்தனர்' என்பதுதான் மிஞ்சும். அதை யாரும் மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. 'கடன் பெண்ணின் கையில் தங்குகிறதா என்பதும், நிலை உயர்கிறதா என்பதும் ஒரே கேள்வியாகக் கருதப்பட்டன' என்பதை ஒருவர் மறுக்கலாம். மறுக்க இடம் கொடுக்கும் வாக்கியத்தில்தான் வாதம் இருக்கிறது. இரண்டாவது சோதனை, பத்திகளை இடம் மாற்றிப் பார்ப்பது. மூன்றாவதை முதலில் வைத்தாலும் இயல் குலையவில்லை என்றால், இன்னும் பட்டியலைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

சொற்களைப் பற்றி ஒன்று. தமிழில் எழுதும்போது 'கண்டறிந்தார்', 'கூறுகிறார்', 'குறிப்பிடுகிறார்' என்ற மூன்று வினைகளே இயல் முழுவதும் சுற்றிச்சுற்றி வரும். 'மறுக்கிறார்', 'ஐயப்படுகிறார்', 'வரம்பிடுகிறார்', 'இதையே வேறு தரவால் உறுதிசெய்கிறார்', 'இன்னின்ன இடத்தில் மட்டும் ஒப்புக்கொள்கிறார்' என்று எழுத முயன்று பாருங்கள். எந்த வினையைப் போடுவது என்று தெரியாமல் நீங்கள் தடுமாறும் கட்டுரை, நான்காம் வரிக்குறிப்பை நீங்கள் இன்னும் எழுதாத கட்டுரையாக இருக்கும். 'மாறாக', 'ஆயினும்', 'அதுபோலவே' ஆகியவற்றிலும் கை தாராளமாகக் கூடாது. இருவர் ஒரே பொருளைப் பற்றிப் பேசினால்தான் 'மாறாக' பொருந்தும். கோட்ஸுக்கும் ஹாஷெமிக்கும் நடுவே நான் முன்பு போட்ட 'மாறாக' அதனால்தான் தவறு.

உங்கள் பல்கலைக்கழகத்தின் மாதிரி வடிவத்தில் 'வெளிநாட்டு ஆய்வுகள், இந்திய ஆய்வுகள், தமிழ்நாட்டு ஆய்வுகள்' என்ற பிரிவு இருக்கலாம். இந்த வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியது. தமிழ்த்துறையில் 'ஆய்வு முன்னோடிகள்' என்று தலைப்பிட்டு நூல்களை ஆண்டுவாரியாக அடுக்குவதும் இதே குடும்பம்தான். இதன் தீமை, பேச வேண்டியவர்களைப் பேசவிடாமல் பிரித்துவிடுவது: கபீர் ஒரு பிரிவில், அவர் எழுப்பிய கேள்விக்கு ஆந்திரத்திலிருந்து விடை சொல்லும் கரிகிபதி இன்னொரு பிரிவில். வடிவத்தை மாற்ற முடியுமா என்று நெறியாளரிடம் முதலில் கேளுங்கள். முடியாது என்றால், இடவாரிப் பிரிவைப் பின்னிணைப்பில் ஓர் அட்டவணையாகக் கொடுத்துவிடலாம்: ஆசிரியர், ஆண்டு, இடம், மாதிரி அளவு, முறை, முடிவு. பட்டியலுக்கு உரிய இடம் அதுதான். அங்கே அது நன்றாகவே பயன்படும். நீங்கள் எல்லாவற்றையும் படித்திருக்கிறீர்களா என்று பார்க்கும் தேர்வாளருக்கும் அது வசதி.

எல்லாக் கட்டுரைகளுக்கும் சம இடம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். ஹோல்வோட்டுக்கு ஒரு பக்கம் போகும்; கபீர் முதல் பத்தியிலும் வருவார், முடிவெடுத்தலை எப்படி அளப்பது என்று பேசும் உங்கள் ஆய்வுமுறைப் பகுதியிலும் மறுபடி வருவார். இன்னோர் ஏழெட்டுக் கட்டுரைகள், குழுவில் சேர்ந்தபின் சேமிப்பு கூடியது என்று ஒரே விதமாகச் சொல்பவையாக இருக்கும். அவை அனைத்துக்கும் சேர்த்து ஒரே வாக்கியமும் அடைப்புக்குறிக்குள் ஏழெட்டுப் பெயர்களும் போதும். நாற்பதில் ஐந்தாறு எந்தச் சண்டையிலும் சேராமல் வெளியே நிற்கும். அவற்றை வலிந்து ஒரு கூடையில் திணிக்காமல் இரண்டாவது முறை படியுங்கள். உங்கள் தலைப்போடு ஒட்டாத கட்டுரை என்றால் அட்டவணைக்கு அனுப்புங்கள். ஒட்டுகிறது, ஆனால் கூடைகளில் பொருந்தவில்லை என்றால், நீங்கள் கவனிக்காத நான்காவது சண்டை ஒன்று இருக்கிறது. எனக்கு அது கிடைத்தது வன்முறையைப் பற்றிய கட்டுரைகளில்: கடன் வந்தபின் வீட்டில் அடி உதை குறைகிறதா கூடுகிறதா என்று இருபக்கமும் எழுதியிருந்தார்கள். கட்டுப்பாடு, நடமாட்டம் ஆகியவற்றுக்கு வைத்திருந்த கூடைகள் எதிலும் அவை அடங்கவில்லை. அவற்றுக்காக முதல் பத்தியையே பிரித்து மறுபடி எழுத வேண்டியதாயிற்று.